மாவு பாக்கெட் விலை 45லிருந்து 50: பழைய கணக்கை வச்சு மொத்த விற்பனை குறையுமான்னு கண்டுபிடிக்க முடியுமா?

மாவுக்கடை மதுரை · 2025 ஜூலை 2, இரவு 9.40

வணக்கம். இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிறேன். ஒரு கிலோ பாக்கெட் இப்ப 45 ரூபாய், கடையில மட்டும் தினம் சராசரியா 230 போகுது. 50 ஆக்கலாமான்னு யோசனை. 2022 ஏப்ரல்லேர்ந்து தினசரி விற்பனையை எக்செல்ல போட்டு வச்சிருக்கேன். அதை வச்சே பார்த்துடலாம்னு உட்கார்ந்தா குழப்பம்தான் மிச்சம்.

இதுவரைக்கும் ரெண்டே தடவைதான் விலை ஏத்தியிருக்கேன்.

2023 ஜூன் 1 அன்னைக்கு 35லிருந்து 40. மே மாசம் தினம் சராசரி 212 பாக்கெட், ஜூன்ல 196. விலை 14.3 சதவீதம் ஏறுச்சு, விற்பனை 7.5 சதவீதம் இறங்குச்சு. விற்பனை சதவீதத்தை விலை சதவீதத்தால வகுத்தா 0.53.

2024 நவம்பர் 1 அன்னைக்கு 40லிருந்து 45. அக்டோபர்ல 240, நவம்பர்ல 208. விலை 12.5 சதவீதம் கூட, விற்பனை 13.3 சதவீதம் கம்மி. வகுத்தா 1.07.

அதே கடை, அதே மாவு, அதே தெரு. ஒரு கணக்கு ஏத்துங்குது, இன்னொண்ணு ஏத்தாதேங்குது. எதை நம்புறது?

---

சில்லறை சிவா · ஜூலை 2, இரவு 10.05

அண்ணே, உளுந்து, அரிசி, கரண்டு, கவர் எல்லாத்தையும் கூட்டுங்க. மேல உங்க லாபத்தை வைங்க. வர்றதுதான் விலை. இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் வைக்கிறாங்க.

---

மாவுக்கடை மதுரை · ஜூலை 2, இரவு 10.12

தம்பி, அடக்கம் எனக்குத் தெரியும். பாக்கெட்டுக்கு 33 ரூபாய் ஆகுது. நான் கேக்கிறது அது இல்ல. அஞ்சு ரூபாய் ஏத்தினா எத்தனை பேர் போவாங்க, அதுல மொத்தப் பணம் குறையுமா, இதான் கேள்வி.

---

எக்செல் ராஜா · ஜூலை 2, இரவு 11.30

நீங்க ரெண்டு ரெண்டு மாசத்தை மட்டும் எடுத்ததுதான் தப்பு. கையில ஆயிரத்துக்கு மேல வரிசை இருக்குல்ல? அத்தனையையும் போடுங்க. விலைக்கும் விற்பனைக்கும் லாக் எடுத்து, சரிவைக் கண்டுபிடிச்சா அதுதான் எலாஸ்டிசிட்டி, அதாவது விலை ஒரு சதவீதம் ஏறினா விற்பனை எத்தனை சதவீதம் மாறும்ங்கிற எண். விலை B பத்தியிலயும் விற்பனை C பத்தியிலயும் இருந்தா:

```
=SLOPE(LN(C2:C1150),LN(B2:B1150))
```

வர்ற எண் (மைனஸை விட்டுட்டு) 1க்குக் கீழ இருந்தா கண்ணை மூடிட்டு ஏத்தலாம். மேல இருந்தா தொடாதீங்க.

---

மாவுக்கடை மதுரை · ஜூலை 3, காலை 6.15

போட்டுப் பார்த்தேன் சார். 0.64 வருது, ஆனா மைனஸ் இல்ல, பிளஸ்! அப்படின்னா விலை ஏத்த ஏத்த ஜனம் அதிகமா வாங்குதா? நாளைக்கே 100 ரூபாய் வச்சிடவா?

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 3, காலை 9.20

வைக்காதீங்க. சென்னையில ஒரு சூப்பர் மார்க்கெட் சங்கிலிக்கு இதே விலை வேலைதான் பத்து வருஷமா பார்க்கிறேன். அந்த பிளஸ் எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்திருக்கிற எண்தான்.

மூணு வருஷத்துல உங்க கடை வளர்ந்திருக்கு. பக்கத்துல புது வீடுகள் வந்திருக்கும், பேரும் பரவியிருக்கும். அதே மூணு வருஷத்துல விலையும் ஏறியிருக்கு. ரெண்டும் சேர்ந்தே மேல போனதால எக்செல் ரெண்டையும் முடிச்சுப் போட்டுடுச்சு. அந்த 0.64 உங்க ஏரியா வளர்ந்த கதையைச் சொல்லுது. விலையைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல.

ராஜா சொன்ன முறை தப்பில்ல. ஆனா அதுக்கு விலை அடிக்கடி, ஏற்றமும் இறக்கமுமா மாறியிருக்கணும். இவர்கிட்ட வரிசை ஆயிரத்துச் சொச்சம் இருந்தாலும் விலை மாறினது ரெண்டே தரம். விலையைப் பொறுத்தவரைக்கும் இவர்கிட்ட இருக்கிறது ரெண்டே ரெண்டு சாட்சி. கணக்குல காலப்போக்கையும் மாசத்தையும் சேர்த்தா சரியாகும்னு தோணும். ஆனா படிப்படியா ஏறுற விலையும் ஒரே சீரா ஏறுற வளர்ச்சியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கும். எது எதுனாலன்னு எக்செல்லால பிரிக்க முடியாது.

அதனால அந்த ரெண்டு சாட்சியையும் நல்லா குறுக்கு விசாரணை பண்றதுதான் வழி. மாவுக்கடை அண்ணே, ஒரு கேள்வி. விலையே ஏத்தாத வருஷங்கள்ல மேயிலிருந்து ஜூனுக்குப் போறப்ப விற்பனை என்ன ஆச்சு?

---

மாவுக்கடை மதுரை · ஜூலை 3, மதியம் 2.50

2022ல மே 180, ஜூன் 198. 2024ல மே 219, ஜூன் 228. ரெண்டு வருஷமும் ஏறித்தான் இருக்கு. பள்ளிக்கூடம் திறந்தா காலையில இட்லிதானே. மேயில பாதிக் குடும்பம் ஊருக்குப் போயிடும், வெயில்ல மாவு சாயங்காலமே புளிச்சிடும்.

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 3, மதியம் 3.35

இங்கதான் உங்க முதல் கணக்கு கவிழுது. 2023 ஜூன்ல விலை ஏத்தாம இருந்திருந்தா விற்பனை 212லயே நின்னிருக்காது, ஏறியிருக்கும். நீங்க 196ஐ 212ஓட ஒப்பிட்டீங்க. ஏத்தாம இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்குமோ, அதோடதான் ஒப்பிடணும்.

2022 மாதிரியே 10 சதவீதம் ஏறியிருக்கும்னு வைங்க. 233 வந்திருக்கணும், வந்தது 196. கிட்டத்தட்ட 16 சதவீத இழப்பு. லாக் கணக்குல எலாஸ்டிசிட்டி மைனஸ் 1.3. பணமா பார்த்தா 233ஐ 35ஆல பெருக்கினா 8,155. 196ஐ 40ஆல பெருக்கினா 7,840. நாளைக்கு 300 ரூபாய்க்கு மேல விட்டிருக்கீங்க. ஆனா மேயைவிட ஜூன்ல கல்லா கூடித்தான் இருந்திருக்கும், அதனால விட்டதே தெரிஞ்சிருக்காது.

2024 மாதிரி 4 சதவீதம்தான் ஏறியிருக்கும்னா 220 வந்திருக்கணும். அப்ப மைனஸ் 0.9 பக்கம் வரும்.

நீங்க சொன்ன 0.53 எங்கேயும் வரல, பார்த்தீங்களா.

---

எக்செல் ராஜா · ஜூலை 3, மாலை 5.10

ஒரு ஆட்சேபம். 2023ல வெயிலுக்காகப் பள்ளித் திறப்பைத் தள்ளி வச்சாங்களே. ஜூன் பாதி லீவுலயே போச்சு. அதனாலதான் அந்த ஜூன் படுத்திருக்கும், பழியை விலைமேல போடுறீங்க.

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 3, மாலை 6.00

கேக்க வேண்டிய கேள்விதான். 2023ல 6 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கும் ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14. ஆனா 2022லயும் ஜூன் 13தான், 2024ல ஜூன் 10. மூணு வருஷமும் ரெண்டாவது வாரம்தான், அதனால ஜூனை ஜூனோட ஒப்பிடலாம். இதே 2023ல மட்டும் தள்ளிப்போயிருந்தா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி.

இப்ப ரெண்டாவது சாட்சி. 2024ல தீபாவளி அக்டோபர் 31. மறுநாளே விலை ஏத்தியிருக்கார். தீபாவளி வாரத்து மாவு விற்பனை மொத்தமும் அக்டோபர்ல விழுந்திருக்கு. நவம்பர் குறையத்தான் செய்யும், விலையைத் தொடாட்டியும் குறையும். முதல் தடவை இழப்பு கம்மியா தெரிஞ்சுது, இந்தத் தடவை கூடுதலா தெரியுது. இதையும் சரி பண்ண 2023 அக்டோபர், நவம்பரை எடுக்காதீங்க, அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12. 2022ல அக்டோபர் 24. அதுதான் ஒத்து வரும்.

---

மாவுக்கடை மதுரை · ஜூலை 3, இரவு 9.15

2022 அக்டோபர் 205, நவம்பர் 191.

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 3, இரவு 9.40

ஏத்தாமலே 7 சதவீதம் விழுந்திருக்கு. அந்தக் கணக்குப்படி 2024 நவம்பர்ல 224 வந்திருக்கணும், வந்தது 208. விலையால போனது 7 சதவீதம்தான். எலாஸ்டிசிட்டி மைனஸ் 0.6.

ஆக, முதல்ல 0.53, அப்புறம் 1.07ன்னு ஆரம்பிச்சீங்க. சரி பண்ணினா முதல்ல 0.9லிருந்து 1.3, அப்புறம் 0.6. அப்படியே தலைகீழ். ஆனா எல்லாமே ஒண்ணு ரெண்டு வருஷத்தை வச்சுப் பண்ணின திருத்தம், பாறையில செதுக்கினதா நினைச்சுக்காதீங்க.

---

தேன்மொழி ஈரோடு · ஜூலை 3, இரவு 10.30

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் நைட்டி ஆன்லைன்ல விக்கிறேன். எனக்கும் அந்த பிளஸ் எண் வந்துச்சு. ஆனா என் வியாபாரம் அப்படி வளரவும் இல்ல. ஆடிக்கும் தீபாவளிக்கும் 20 ரூபாய் ஏத்துவேன், அப்பதான் அதிகமா போகும். மாசில இறக்குவேன், அப்பவும் போகாது. இதுக்கு என்ன அர்த்தம்?

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 3, இரவு 10.55

கூட்டம் வர்றது தெரிஞ்சு நீங்க விலையை ஏத்துறீங்க அக்கா. விலை ஏறினதால கூட்டம் வரல. மாசில ஆளே இல்லாதப்ப இறக்குறீங்க. அந்தக் கணக்குல தெரியறது உங்க சாமர்த்தியம்தான், வாங்குறவங்க மனசு இல்ல. ஒரு தடவையாவது காரணமே இல்லாம, சாதாரண வாரத்துல ஏத்தியோ இறக்கியோ பார்த்திருந்தா, அந்த வாரம் ஒண்ணு மத்த வருஷத்தைவிட அதிகம் சொல்லும்.

மாவுக்கடை அண்ணே, இது உங்களுக்கும் பொருந்தும். ரெண்டு தடவையும் ஏன் அந்தத் தேதியில ஏத்தினீங்க? எதிர்க்கடைக்காரர் அப்ப என்ன பண்ணினார்?

---

மாவுக்கடை மதுரை · ஜூலை 4, காலை 5.50

மாவு அரைச்சுக்கிட்டே எழுதுறேன். முதல் தடவை உளுந்து விலை தாங்காம நான்தான் முதல்ல ஏத்தினேன். எதிர்க்கடை ரெண்டு வாரம் கழிச்சு ஏத்தினாங்க. ரெண்டாவது தடவை அவங்க அக்டோபர்லயே 45 ஆக்கிட்டாங்க, நான் பின்னாடி போனேன்.

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 4, காலை 9.10

அப்ப ரெண்டு எண்ணும் முரண்படல. ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில்.

எல்லாரும் ஏத்திட்டா வாங்குறவங்க எங்க போவாங்க? வீட்டுல ஊறப்போட்டு அரைக்கணும், இல்ல ஒரு நாள் உப்புமா கிண்டணும். அதுதான் 0.6. நீங்க மட்டும் ஏத்தினா ரோட்டைக் கடந்தா போதும். அதுதான் 0.9, 1.3.

முதல் ரெண்டு வாரம் நீங்க தனியா இருந்தப்ப என்ன ஆச்சுன்னு தனியா பார்த்தா இன்னும் தெளிவா தெரியும்னு நினைச்சேன். ஆனா எதிர்க்கடை ஏத்தினதும் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரே சமயத்துல நடந்திருக்கு. அதுக்கப்புறம் விற்பனை ஏறியிருந்தா யாருக்கு நன்றி சொல்றது? பிரிக்க வழியில்ல.

இப்ப 50 ஆக்குறதுக்கு வருவோம். ராஜா சொன்ன 1 என்கிற கோடு லாக் கணக்குக்குத்தான். நீங்க போட்ட சாதாரண சதவீதக் கணக்குக்கு அந்தக் கோடு கீழ இருக்கும். 45லிருந்து 50 என்பது 11.1 சதவீதம். உங்க எண் 0.95ன்னு வைங்க, 1க்குக் கீழதான். ஆனா விற்பனை 10.6 சதவீதம் விழும், 230 போய் 205.7 ஆகும், கல்லாவுல 10,350 இருந்த இடத்துல 10,285 பக்கம்தான் இருக்கும். எலாஸ்டிசிட்டியையே மறந்துட்டு இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கலாம்: 230ஐ 45ஆல பெருக்கி 50ஆல வகுங்க. 207. அதுக்குக் கீழ போனா மொத்த விற்பனைப் பணம் குறையுது.

எதிர்க்கடையும் ஏத்தினா (0.6) 216 பக்கம் நிக்கும், பணம் 4 சதவீதம் கூடும். நீங்க மட்டும் ஏத்தி 1.3 ஆனா 200க்கு வரும், 3 சதவீதம் குறையும்.

---

எக்செல் ராஜா · ஜூலை 4, காலை 10.00

அந்த 0.95 சமாச்சாரம் எனக்குத் தெரியாது. ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு கேக்கணும், எதுக்கு மொத்தப் பணத்தையே பிடிச்சுத் தொங்குறோம்? அடக்கம் 33னு சொன்னார். இப்ப பாக்கெட்டுக்கு 12 நிக்குது, 50 ஆனா 17. தினம் 2,760 லாபம் வர 163 பாக்கெட் வித்தா போதும். கிட்டத்தட்ட 30 சதவீதம் பேர் போனாலும் கையில நிக்கிற காசு குறையாது. அப்புறம் என்ன பயம்?

---

மாவுக்கடை மதுரை · ஜூலை 4, மதியம் 1.20

பெரிய கிரைண்டருக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் பேங்க்ல கேட்டிருக்கேன் சார். அங்க டர்ன்ஓவரைத்தான் பார்க்கிறாங்க. அதான்.

---

ரிட்டயர்டு மேனேஜர் · ஜூலை 4, மதியம் 2.00

சிறு தொழிலுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் நடைமுறை மூலதனமாகக் கொடுப்பது வழக்கமான முறை. ஆகவே தம்பி கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் விற்பனை 3 சதவீதம் குறைந்தது என்பதற்காக எந்த மேலாளரும் பைலைத் தூக்கி எறிய மாட்டார். லாபம் கூடியிருந்தால் மகிழ்வார். நான் 31 வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன்.

---

சில்லறை சிவா · ஜூலை 4, மாலை 4.45

45 ரூபாய்க்கு அஞ்சு ரூபாய் சில்லறை தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 50ன்னா ஒரே நோட்டு. அதுக்கே நாலு பேர் சேர்ந்து வருவாங்க. இது உங்க கணக்குல எங்க இருக்கு?

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 4, மாலை 5.30

எங்கேயும் இல்ல சிவா, நல்ல கேள்வி. 35லிருந்து 40, 40லிருந்து 45 என்பதை வச்சு 50ஐச் சொல்றோம், அந்த விலையில இவர் ஒரு நாள்கூட வித்ததில்ல. ஒரே நோட்டு உதவலாம். ‘அம்பது ரூபாயா!’ன்னு வாயைப் பிளக்கவும் வைக்கலாம். ஜிபே காலத்துல சில்லறை அவ்வளவு பெரிசில்லன்னு நான் நினைக்கிறேன், ஆனா நிரூபிக்க முடியாது.

இன்னொரு சந்தேகம் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. அண்ணே, 2024 அக்டோபர்ல மாவு தீர்ந்து போய் ஆளைத் திருப்பி அனுப்பின நாள் உண்டா? தினசரி வரிசையில ஒரே எண் திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க.

---

மாவுக்கடை மதுரை · ஜூலை 4, இரவு 9.50

இருக்கு. என் கடைக்குன்னு இருக்கிற கிரைண்டர் தாங்குறது 260தான். அந்த மாசம் 11 நாள் சரியா 260ன்னு இருக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கே காலி.

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 4, இரவு 10.20

அப்ப 240ங்கிறது கேட்டவங்க எண்ணிக்கை இல்ல, உங்க கிரைண்டரோட அளவு. நிஜத்துல கேட்டது அதைவிட அதிகம், அதனால விலையால போனவங்களும் 7 சதவீதத்தைவிட அதிகம். 0.6ஐ இன்னும் மேல தள்ளணும், எவ்வளவுன்னு சொல்ல முடியல. அந்த 11 நாளை எடுத்துட்டுப் பார்க்கலாம்னு தோணும், செய்யாதீங்க. கூட்டம் அதிகமான நாளை மட்டும் தூக்கிட்டு மிச்சத்தை ஒப்பிட்ட மாதிரி ஆகும். பில் மெஷின்ல நேரம் பதிவாகியிருந்தா, மாவு தீர்றதுக்கு முன்னாடி, காலை பத்து மணி வரைக்கும் வித்ததை மட்டும் ரெண்டு மாசத்துக்கும் எடுத்துப் பாருங்க.

---

மாவுக்கடை மதுரை · ஜூலை 5, காலை 6.30

மெஷின் 2024 ஜனவரியிலதான் வாங்கினேன். 2022க்கு நோட்டுல மொத்தம் மட்டும்தான். தீபாவளித் திருத்தத்துக்கு நேரக்கணக்கு கிடைக்காது.

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 5, காலை 9.00

அப்ப பழைய கணக்கு இதுக்கு மேல பேசாது. மளிகைக் கடைகளுக்குச் சப்ளை உண்டா?

---

மாவுக்கடை மதுரை · ஜூலை 5, மதியம் 1.40

பதினோரு கடை. அவனியாபுரம் பக்கம் ஆறு, திருநகர்ல அஞ்சு.

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 5, மதியம் 2.15

அவனியாபுரத்துல மட்டும் 50 போட்டு பாக்கெட் அடிங்க, திருநகர் 45லயே இருக்கட்டும். கடைக்குக் கடை மாத்தாதீங்க, பக்கத்துக் கடையில 45க்குக் கிடைச்சா ஜனம் அங்க போகும், கணக்கு கெட்டுடும். நாலு வாரம் விடுங்க. பருவம், வெயில், உளுந்து எல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

---

தேன்மொழி ஈரோடு · ஜூலை 5, மாலை 6.10

ஆடி வருதே. ஒரு ஏரியாவுல முளைப்பாரி, கூழ் ஊத்துறதுன்னு இருந்து, இன்னொரு ஏரியாவுல இல்லேன்னா?

---

கணக்குப்பிள்ளை · ஜூலை 5, மாலை 6.40

அந்த நாளை ரெண்டு பக்கமும் சேர்த்தே எடுத்துடணும். நல்ல கண்ணு அக்கா உங்களுக்கு.

---

மாவுக்கடை மதுரை · ஆகஸ்ட் 6, இரவு 10.10

ஜூலை 7லிருந்து ஆகஸ்ட் 3 வரை நாலு வாரம் பார்த்தாச்சு. திருவிழா நாள் ரெண்டை எடுத்துட்டேன். அவனியாபுரத்துல ஆறு கடைக்கும் சேர்த்து முன்னாடி தினம் 96, இப்ப சராசரி 86. திருநகர்ல 71 இருந்தது 70. ஒரு கடைக்காரர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல.

---

எக்செல் ராஜா · ஆகஸ்ட் 6, இரவு 10.40

திருநகரை வச்சுச் சரி பண்ணினா மைனஸ் 0.91. பழைய விலையில 4,260 வந்திருக்கும், இப்ப 4,300. நாப்பது ரூபாய் கூடுதல்! ஏத்துங்க அண்ணே!

---

கணக்குப்பிள்ளை · ஆகஸ்ட் 7, காலை 9.05

நாப்பது ரூபாய் என்பது ஒரு வீட்டுல விருந்தாளி வந்தா மாறுற தொகை ராஜா. அதை ஏறினதாவும் சொல்ல முடியாது, இறங்கினதாவும் சொல்ல முடியாது. அண்ணே, சராசரி வேண்டாம். வாரா வாரம் எவ்வளவுன்னு கொடுங்க.

---

மாவுக்கடை மதுரை · ஆகஸ்ட் 7, மதியம் 1.30

அவனியாபுரம்: 90, 87, 84, 83.
திருநகர்: 70, 71, 69, 70.

---

கணக்குப்பிள்ளை · ஆகஸ்ட் 7, மதியம் 2.00

பயந்தது இதுதான். முதல் வாரம் பழக்கத்துல வாங்கிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வேற பாக்கெட்டைப் பார்த்துட்டாங்க, இல்ல கிரைண்டரைத் தூசி தட்டிட்டாங்க. கடைசி வாரத்தை மட்டும் எடுத்தா மைனஸ் 1.25, பணம் 4,150. இப்ப இருக்கிற கேள்வி 83லயே நிக்குதா, இன்னும் இறங்குதாங்கிறதுதான்.

---

எக்செல் ராஜா · ஆகஸ்ட் 7, மாலை 3.15

மாசக் கடைசியில எல்லார் கையிலயும் காசு இருக்காது. அதனால இறங்கியிருக்கும்.

---

கணக்குப்பிள்ளை · ஆகஸ்ட் 7, மாலை 3.30

திருநகர்லயும் மாசக் கடைசி வந்துச்சே. அங்க இறங்கலையே.

---

மாவுக்கடை மதுரை · ஆகஸ்ட் 7, இரவு 9.30

இன்னும் நாலு வாரம் அப்படியே விடுறேன். என் கடையிலயும் திருநகர்லயும் 45தான். எதிர்க்கடைக்காரர் பையன் இன்னைக்கு வந்து, ‘அண்ணே அவனியாபுரத்துல 50 போட்டிருக்கீங்களாமே, நாங்களும் யோசிக்கிறோம்’னு சொல்லிட்டுப் போறான். அவங்க ஏத்தினா இந்தக் கணக்கு முழுக்க மாறிடும்ல?